பிரிக்காத மடிப்பு

கிள்ளானிலிருந்து சித்தி ரமணி வாங்கி வந்த கவுன் தாமரையின் பாதங்களையும் மறைத்துத் தரையில் கிடந்தது. கை முனைகள் விரல்களைத் தாண்டித் தொங்கின. இடுப்பில் மட்டும் ஜிப் ஏற மறுத்தது. தாமரை கண்ணாடியைப் பார்த்துவிட்டு சோபாவில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

"எட்டு வயசு சைஸ்னு கேட்டுத்தான் எடுத்தேன்" என்றாள் ரமணி. "என் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஆறு வயசு. அவளே இவளவிட உயரமா இருக்கா."

தாமரையின் அப்பா கார்த்திகேசு, தரையில் கிடந்த கவுனின் விளிம்பை மடித்துப் பார்த்தார். பிரிக்ஃபீல்ட்ஸில் முப்பது வருடமாகத் தையல் கடை வைத்திருப்பவர் அவர். கடைக்கு மேலேயே வீடு. ரெடிமேட் துணி தன் மகளுக்குப் பொருந்தாது என்பது அவருக்குத் தெரிந்த விஷயம்தான். உடம்புக்குச் சரியாக எடுத்தால் கை நீளும். கைக்குச் சரியாக எடுத்தால் உடம்பு பிடிக்கும். அதனால் தாமரைக்கென்று தனியாக அளவுக் காகிதம் வெட்டி வைத்திருந்தார்.

"அத்தான், கோவிச்சுக்காதீங்க. அக்கா இருந்தப்போ புள்ள இப்படியா இருந்துச்சு? ஓடும், பாடும். இப்ப பாருங்க, உக்காந்த இடத்தைவிட்டு எந்திரிக்க மாட்டேங்குது. நீங்க காலையில ரொட்டி, மத்தியானம் கடைச் சோறு. வளர்ற புள்ளைக்கு அது போதுமா? எங்கிட்ட விடுங்க. கிள்ளான்ல அந்த மாதிரி பிள்ளைங்களுக்கு ஸ்கூல் கிளாஸ் இருக்கு. நான் பாத்துக்கிறேன் லா."

தாமரைக்கு டவுன் சிண்ட்ரோம். பிறந்த இரண்டாம் நாளே டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். அவள் அம்மா சீதாலெட்சுமி இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு வீட்டில் இருந்தது அப்பாவும் மகளும் மட்டும்தான். அவர் கீழே தைப்பார். பள்ளி விட்டு வந்ததும் தாமரை மெஷினுக்குப் பக்கத்தில் துணி மூட்டைமேல் உட்கார்ந்திருப்பாள். மணிக்கணக்கில் இருவரும் பேசிக்கொள்ள மாட்டார்கள். அம்மாவை நினைத்துத்தான் பிள்ளை இப்படி அடங்கிவிட்டாள் என்று அவர் நம்பினார். இந்த உலகத்தில் தன் துக்கம் தெரிந்த ஒரே ஆள் அவள்தான் என்று அவருக்கு ஓர் ஆறுதலும் இருந்தது. அவளையும் ரமணி கூட்டிக்கொண்டு போய்விட்டால் அந்த மாடிப்படியில் ஏறி யாரைப் பார்ப்பது?

"ஒரு மாசம் டைம் குடு" என்றார். "கிளினிக்ல காட்டிட்டுச் சொல்றேன். நான் பட்டினி போட்டேன்னு அவங்க சொன்னா, நானே கொண்டுவந்து விடுறேன்."

ரமணி தலையாட்டினாள். போகும்போது தாமரையின் தலையைத் தடவினாள். உதிர்ந்த முடி இரண்டு மூன்று அவள் விரலோடு வந்தது.

அன்று மாலை கோயிலுக்குப் போனார். முருகன் சந்நிதியில் நின்றபோது வேண்டிக்கொள்ள ஒரே ஒரு வாக்கியம்தான் வந்தது: என் மேல் தப்பு இருந்தால் எனக்குக் காட்டு, பிள்ளைக்கு ஒன்றும் ஆகக் கூடாது.

கிளினிக்குக்கு அவர் இரண்டு வருடமாகப் போகவே இல்லை. சீதாதான் கூட்டிப்போவாள். அவர் ஒரு தடவை போயிருக்கிறார். ரோஸ் நிறக் கிளினிக் புத்தகத்தில் இருந்த வளர்ச்சிக் கோடுகளில், எல்லாவற்றுக்கும் கீழே, கடைசிக் கோட்டுக்கும் அடியில், மகளின் புள்ளிகள் வரிசையாகக் கிடந்தன. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் எட்டிப் பார்த்துவிட்டு, "சாப்பிட மாட்டாளா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு அந்தப் புத்தகத்தைத் திறக்க அவருக்கு மனம் வரவில்லை. சீதா போனபின் அது அலமாரியிலேயே இருந்தது.

மறுவாரம் கிளினிக்கில் நர்ஸ் வாணி தாமரையைச் சுவரோடு நிற்கவைத்து உயரம் அளந்தாள். செருப்பைக் கழற்றி, குதிகாலை ஒட்டவைத்து, மறுபடி அளந்தாள். மூன்றாவது தடவையும் அளந்தாள். மூன்று தடவையும் நூற்றெட்டு சென்டிமீட்டர்.

"கால் வலிக்குதா கண்ணு? போதும், போதும். உக்காரு."

புத்தகத்தை எடுத்து நீட்டிய கார்த்திகேசு, எந்தப் பக்கம் திறக்கும் என்று தெரிந்து, பார்வையை ஜன்னலுக்குத் திருப்பிக்கொண்டார். வாணி அதைக் கவனித்தாள். அந்தப் பக்கத்தைத் திறக்கவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து வேறொரு தாளை எடுத்தாள்.

"அண்ணே, இங்க பாருங்க. இது தாமரை மாதிரி பிள்ளைங்கள நூத்துக்கணக்குல அளந்து போட்ட கோடு. இவங்களுக்கு இதுதான் கணக்கு. சீதா அக்கா புத்தகத்தோட கடைசிப் பக்கத்துல குறிச்ச நம்பரையெல்லாம் இதுல வைக்கிறேன்."

ஒரு வயது, இரண்டு வயது, மூன்று, நான்கு. பென்சில் புள்ளிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. எல்லாம் நடுக்கோட்டிலேயே விழுந்தன. ஆறு வயதில் நூற்றைந்து. அதுவும் நடுவில்தான்.

கார்த்திகேசு நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "அப்போ அவ குட்டை இல்லையா?"

"மத்த பிள்ளைங்களோட நிக்கவச்சா குட்டைதான். அவங்க ஆளுங்களோட நிக்கவச்சா நடுவுல நின்னா."

'நிக்கிறா' என்று சொல்லாமல் 'நின்னா' என்று அவள் சொன்னது அவருக்கு உறைத்தது. வாணி கடைசிப் புள்ளியை வைத்தாள். எட்டு வயது, நூற்றெட்டு. அது நடுக்கோட்டிலிருந்து சரிந்து, அந்தத் தாளின் அடிக்கோடுகளுக்கு அருகில் போய் விழுந்தது.

வாணி பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, டாக்டர் சிந்துவைக் கூப்பிட எழுந்தாள்.

டாக்டருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். தாளைப் பார்த்தாள், தாமரையின் வறண்ட கையைத் தடவினாள், மலச்சிக்கல் உண்டா, குளிர் தாங்குமா, எவ்வளவு நேரம் தூங்குகிறாள் என்று கேட்டாள். எல்லாவற்றுக்கும் அவரிடம் பதில் இருந்தது. ஒவ்வொரு பதிலையும் அவர் இதுவரை துக்கம் என்றே நினைத்திருந்தார்.

"டாக்டர், ரெண்டு வருஷத்துல மூணு சென்டிமீட்டர். அவ அம்மா போனதுலேர்ந்துதான். நான் சரியா சாப்பாடு போடல. அதானே?"

"எடை என்ன வாணி?"

"இருபத்தாறு கிலோ. ஆறு வயசுல பதினெட்டு."

"கேட்டீங்களா அண்ணே? சோறு இல்லாத பிள்ளைக்கு முதல்ல எடைதான் குறையும். உயரம் அப்புறம்தான் நிக்கும். இவளுக்கு எடை ஏறுது, உயரம் நிக்குது. இது பட்டினி இல்ல. எனக்கு தைராய்டு மேல சந்தேகம். இந்தப் பிள்ளைங்களுக்கு அது அதிகம் வரும். அதனாலதான் வருஷா வருஷம் ரத்தம் பாக்கச் சொல்றோம்."

வருஷா வருஷம். கார்த்திகேசு தன் கைகளைப் பார்த்துக்கொண்டார்.

"எப்பலேர்ந்து நின்னுச்சுன்னு தெரிஞ்சா நல்லது" என்றாள் டாக்டர். "நடுவுல யாராவது அளந்தாங்களா?"

"யாரும் இல்ல" என்றவர், கொஞ்சம் யோசித்து, "நான் அளந்தேன்" என்றார்.

கடைக்கு ஓடிப்போய் அளவுப் புத்தகத்தை எடுத்துவந்தார். நடந்தால் ஏழு நிமிடம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பள்ளி திறப்புக்கும் தாமரைக்கு அவர் தைத்தவை எல்லாம் அதில் இருந்தன. இடுப்பிலிருந்து கணுக்கால்வரை பாவாடை நீளம். சீதா போன வருடத்துத் தீபாவளிவரை அது ஏறிக்கொண்டே வந்திருந்தது. அதற்குப் பிறகு தைத்த மூன்று துணிக்கும் ஒரே எண். இடுப்பு மட்டும் பெருத்திருந்தது.

"பாவாடைக்கு உள்ள மடிப்பு வச்சித் தைப்பேன், டாக்டர். பிள்ளை வளர வளரப் பிரிச்சு விடணும். ரெண்டு தடவை இடுப்பு கொக்கியத் தள்ளித் தச்சேன். மடிப்பப் பிரிக்கவே இல்ல. என் கை அதே துணியிலதான் இருந்துச்சு. தோணல." அவர் குரல் இறங்கியது. "சின்னப் பிள்ளையாவேதானே இருப்பான்னு விட்டுட்டேன்."

டாக்டர் புத்தகத்தை மெதுவாக மூடித் திருப்பிக் கொடுத்தாள். "பாவாடை நீளத்த என் தாள்ல வைக்க முடியாது. ஆனா எப்ப நின்னுச்சுன்னு இது சொல்லுது. பெரிய உதவி இது." பிறகு சேர்த்துச் சொன்னாள்: "அங்கதான் நிறையப் பேர் தப்பு பண்றாங்க, அண்ணே. எங்க ஆளுங்களும்தான். பொதுக் கோட்டுல எப்பவும் அடியிலயே இருக்கிற பிள்ளை, இன்னும் கீழ விழுந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. அதுக்குத்தான் தனிக் கோடு."

"அவ ஏன் டாக்டர் குட்டையா இருக்கணும்? தைராய்டு சரியானா மத்த பிள்ளைங்க மாதிரி வந்துருவாளா?"

"வரமாட்டா" என்றாள் டாக்டர். அதை அவர் கண்ணைப் பார்த்துச் சொன்னாள். "நம்ம உடம்புல ஒவ்வொரு செல்லுலயும் இருபத்தொண்ணாம் குரோமோசோம் ரெண்டு இருக்கும். அவளுக்கு மூணு. அதுல எழுதியிருக்கிறது எல்லாம் ஒண்ணரை மடங்கு பேசும்னு வச்சுக்குங்க. எலும்பு நீளுற வேகம் அதனால குறையுது. எப்படின்னு முழுசா இன்னும் யாருக்கும் தெரியாது. முதல் மூணு வருஷத்துலயே நிறையப் பின்தங்கிருவாங்க. அப்புறம் வயசுக்கு வர்ற நேரத்துல மத்தவங்க சடார்னு வளர்வாங்களே, அது இவங்களுக்குக் கொஞ்சமாத்தான் வரும். கையும் காலும் உடம்பவிடக் கட்டையா இருக்கும்."

"அது எனக்குத் தெரியும்" என்றார் கார்த்திகேசு. "கைக்கு எப்பவும் ரெண்டு இஞ்சு குறைச்சுத்தான் வெட்டுவேன்."

"பெரியவளானா நூத்து நாப்பத்தஞ்சு சென்டிமீட்டர் பக்கம் வருவா. அவ்வளவுதான் அவளோட உயரம். அதுக்கு அவ போய்ச் சேரணும். அதத்தான் நாம பாக்கணும்."

ரத்தப் பரிசோதனையில் தைராய்டு மிகவும் குறைவு என்று வந்தது. தினமும் விடிந்ததும் வெறும் வயிற்றில் ஒரு சின்ன மாத்திரை. அரைமணி கழித்துத்தான் சாப்பாடு. வாணி அந்தத் தனிக் கோட்டுத் தாளை நகல் எடுத்து, ரோஸ் புத்தகத்தின் பழைய பக்கத்துக்கு மேல் ஒட்டிக் கொடுத்தாள். இனி புத்தகத்தைத் திறந்தால் அதுதான் முதலில் தெரியும். யாரும் கேட்டு அவள் அதைச் செய்யவில்லை. அவர் ஜன்னலைப் பார்த்ததை நினைவில் வைத்திருந்து செய்தாள்.

போனில் ரமணியிடம் அவர் எதையும் மறைக்கவில்லை. "பட்டினி போடல. ஆனா கூட்டிட்டுப் போகாம விட்டேன். ரெண்டு வருஷம்" என்றார்.

ரமணி, "நானும் ரெண்டு வருஷமா பாத்துட்டுத்தானே இருந்தேன், அத்தான்" என்றாள். தாமரையைத் தன்னிடம் விடச் சொல்லி அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

இரண்டாம் மாதம் தாமரை துணி மூட்டையைவிட்டு இறங்கினாள். மூன்றாம் மாதம் கடைக்கு வருபவர்களிடம் பெயர் கேட்டாள். அளவு நாடா எடுத்து அவர்கள் முழங்காலை அளந்தாள். பிடித்த பாட்டு வந்தால் ரேடியோவை யாரையும் தொடவிடவில்லை. ஒருநாள் சுவரில் இருந்த சீதாவின் படத்துக்குப் பூ வைத்துவிட்டு, "அம்மா, பை" என்று கையசைத்துவிட்டு வாசலுக்கு ஓடினாள்.

கத்தரிக்கோலைப் பிடித்தபடி கார்த்திகேசு நின்றார். இத்தனை நாள் தன் பக்கத்தில் உட்கார்ந்து தன்னோடு துக்கம் காத்தாள் என்று அவர் நினைத்தவள், வெறுமனே சோர்ந்து கிடந்திருக்கிறாள். துக்கம் முழுவதும் அவருடையதாகவே இருந்திருக்கிறது. பிள்ளை மீண்டதற்கு முருகனுக்கு நன்றி சொல்ல அவருக்கு மனம் வந்தது. அதோடு, மெஷினுக்குப் பக்கத்தில் அந்த மூட்டை காலியாகக் கிடப்பதும் தெரிந்தது.

ஆறாம் மாதம் பள்ளி விடுமுறையில் ரமணி வந்தாள். தாமரை அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "சித்தி வீடு. நானும். ட்ரெயின்" என்றாள்.

ரமணி அவரைப் பார்த்துத் தயங்கினாள். "ஒரு வாரம்தான், அத்தான். உங்களுக்குச் சரின்னா."

"கூட்டிட்டுப் போ. மாத்திரை காலையில. அரைமணிக்கு அப்புறம்தான் பசியாற."

"தெரியும். எழுதியே வச்சிருக்கேன்."

புறப்படும் முன் தாமரையைச் சுவரோடு நிற்கவைத்து, வாணி செய்ததுபோலவே மூன்று தடவை அளந்தார். நூற்றுப் பன்னிரண்டரை. அவள் நீலப் பாவாடை கணுக்காலுக்கு மேலே ஏறி நின்றது.

"இருங்க" என்றார். "இப்படியே அனுப்ப முடியாது."

தாமரை வீட்டுக் கவுன் ஒன்றுக்கு மாறிக்கொண்டாள். பாவாடையை மடியில் போட்டு, உள்மடிப்பின் நூலை ஒவ்வொன்றாகப் பிரித்தார். இரண்டு வருடம் வெளிச்சம் படாத பட்டை புத்தம்புது நீலமாக விரிந்தது. மற்ற இடங்கள் வெளுத்திருந்தன. இஸ்திரி போட்டும் பழைய மடிப்புக் கோடு போகவில்லை.

"கோடு தெரியுதே, அத்தான்" என்றாள் ரமணி.

"தெரியட்டும்."

தாமரை பாவாடையை மறுபடி உடுத்திக்கொண்டதும் இருவரும் ஸ்டேஷன் பக்கம் நடந்தார்கள். தாமரை திரும்பிப் பார்க்கவில்லை. ரமணியிடம் ஏதோ சொல்லிக்கொண்டே போனாள். தெரு முனைவரை அந்த நீலப் பட்டை தெரிந்தது. கார்த்திகேசு உள்ளே வந்து, துணி மூட்டையைச் சுவரோரம் தள்ளி வைத்தார். அளவுப் புத்தகத்தைத் திறந்து மகளின் பெயருக்கு நேரே அன்றைய தேதியையும் புதிய நீளத்தையும் எழுதினார். பிறகு, தைக்கக் கொடுக்கச் சேலையும் பையுமாக வாசலில் வந்து நின்ற பெண்ணைப் பார்த்து, "வாங்கக்கா, உக்காருங்க" என்றார்.