அக்கா டீயின் அளவு அட்டை

அந்த வீட்டுக்கு வந்த புது மருமகள் எடை மிஷினோடு வந்தாள். நகைப் பெட்டி, துணிப் பெட்டி எல்லாம் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் மூத்த மருமகள் கண்ணுக்குத் தெரிந்தது உள்ளங்கை அகலத்தில் இருந்த அந்த எடை மிஷின் மட்டும்தான். மருந்து கம்பெனியில் மாத்திரை எடை சரிபார்க்கிற வேலையில் இருந்தவளாம். இருந்துவிட்டுப் போகட்டும், அதை எதற்கு அடுப்படி வரைக்கும் கொண்டுவர வேண்டும்?

மூத்தவளுக்கு பஸ் நிலையத்துக்கு எதிரே டீக்கடை. கடை புருஷன் பெயரில் இருந்தாலும் ஊர் சொல்வது ‘அக்கா கடை’ என்றுதான். பதினொரு வருஷமாக அவள் கைதான் அங்கே டீ போடுகிறது. அளவு என்று ஒன்றும் கிடையாது. பிடி வளைந்த கரண்டியை டின்னுக்குள் விடுவாள், தூளை அள்ளிப் பாத்திரத்தில் கொட்டுவாள், நிறத்தைப் பார்த்துப் பால் ஊற்றுவாள். “அது எப்படிம்மா உனக்கு மட்டும் வருது?” என்று யாராவது கேட்டால் சிரித்துக்கொள்வாள். அந்தக் கேள்வியைக் கேட்பதற்காகவே சில நாள் சீக்கிரம் கடை திறந்திருக்கிறாள்.

வம்பு எங்கே ஆரம்பித்ததென்றால், புருஷனும் கொழுந்தனும் சேர்ந்து இன்னும் இரண்டு கடை போட்டதில். ஆஸ்பத்திரி வாசலில் ஒன்று, அதற்கு மீசை என்று ஒரு டீ மாஸ்டர். கோர்ட்டுக்குப் பின்னால் ஒன்று, அதற்கு ஒல்லி. மூன்று கடைக்கும் ஒரே பலகை, ஒரே தூள், ஒரே பால். டீ மட்டும் ஆளுக்கொரு விதம். மீசை போட்டால் கசக்கும். ஒல்லி போட்டால் பால் காய்ச்சியது போல இருக்கும். “அக்கா கடைன்னு போர்டு போட்டுட்டு என்னத்தைக் குடுக்குறீங்க?” என்று வக்கீல்கள் கேட்க ஆரம்பித்தார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் மூத்தவளுக்கு உள்ளூரக் குளிர்ந்தது.

அப்போதுதான் சின்னவள் வாயைத் திறந்தாள். சாப்பாட்டு நேரத்தில், எல்லோரும் இருக்கும்போது, மூத்தவளின் புருஷனைப் பார்த்து.

“எழுதி வெச்சுட்டா சரியாப் போயிடும் மாமா. எவ்வளவு தண்ணி, எத்தனை கிராம் தூள், எத்தனை நிமிஷம், எல்லாத்தையும் அக்கா போடும்போதே பார்த்து எழுதிடுறேன். அஞ்சு நாள் போதும்.”

“நல்ல யோசனையா இருக்கே” என்றார் மூத்தவளின் புருஷன். பதினெட்டு வருஷத்தில் மூத்தவளைப் பார்த்து அவர் சொன்ன நல்ல வார்த்தைகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். வந்து நாலு மாதமான இவளுக்கு இரண்டாவது இட்லி முடிவதற்குள் ஒன்று கிடைத்துவிட்டது. மூத்தவளுக்கு வயிறு பற்றி எரிந்தது. என் கையைத் தாளில் எழுதிவிட்டால் அப்புறம் நான் எதற்கு? மீசையும் ஒல்லியும் தாளைப் பார்த்துப் போட்டுவிடுவார்கள், என்னைப் பாத்திரம் கழுவச் சொல்வார்கள். இதுதான் அவள் பயம். அதை யாரிடமும் சொல்லவில்லை. “எழுதிக்கோயேன், எனக்கென்ன” என்றாள்.

மறுநாள் காலையிலேயே சின்னவள் வந்து நின்றாள், எடை மிஷினும் நோட்டும் கைக்கடிகாரமுமாக. மூத்தவள் அள்ளிய தூளைப் பாத்திரத்தில் விழும்முன் தட்டில் வாங்கி நிறுத்தாள். தண்ணீர் கொதித்த நொடியிலிருந்து நேரம் எண்ணினாள். அடுப்புப் பற்றவைத்த நேரத்திலிருந்து ஏன் எண்ணவில்லை என்று மூத்தவள் கேட்டாள்.

“ஒவ்வொரு கடை அடுப்பும் ஒவ்வொரு மாதிரி எரியும்க்கா. கொதி வர்ற நேரம் மாறும். கொதி வந்ததுக்கு அப்புறம் எண்ணினாத்தான் எல்லாருக்கும் ஒண்ணா இருக்கும்.”

இவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது என்று நினைத்தபோது மூத்தவளுக்கு இன்னும் கடுப்பானது. அந்தக் கடுப்பில்தான் அந்தக் காரியத்தைச் செய்தாள். கூம்பாக அள்ளுகிற கரண்டியைத் தட்டி, தூளில் கொஞ்சத்தை உதிர்த்துவிட்டுப் போட்டாள். நாலு நிமிஷம் கொதிக்க விடுகிறவள் இரண்டாவது நிமிஷமே பாலை ஊற்றினாள். சின்னவள் நோட்டில் எழுதினாள்: ஒரு லிட்டர் தண்ணீருக்கு முப்பது கிராம், இரண்டு நிமிஷம்.

எழுது ராசாத்தி, நல்லா எழுது என்று மூத்தவள் மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். அந்தத் தாளைப் பார்த்துப் போட்டால் மூன்று கடையும் ஒரே மாதிரி வெந்நீர் விற்கும். அப்புறம் எல்லோரும் தன்னிடமே வந்து நிற்பார்கள்.

ஆனால் ஒன்றை அவள் யோசிக்கவில்லை. பொய்யாகப் போட்டாலும் அந்த டீயைத் தன் கடையில்தானே விற்க வேண்டும்? சின்னவள் பக்கத்தில் நின்ற அஞ்சு நாளும், காலை ஆறிலிருந்து பதினொன்று வரை, மூத்தவள் கையாலேயே மட்டமான டீ போய்க்கொண்டிருந்தது. தினமும் ஏழு மணிக்கு வருகிற டிரைவர் ஐயா, முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், மூன்றாம் நாள் கிளாஸைப் பாதியில் வைத்துவிட்டார்.

“உடம்பு சரியில்லையாம்மா?”

“நல்லாத்தான் இருக்கேன் ஐயா. ஏன்?”

“ஒண்ணுமில்ல. டீ டீ மாதிரி இல்ல.”

மூத்தவள் முகத்தில் ஈயாடவில்லை. சின்னவள் தலை நிமிர்ந்து ஒருமுறை பார்த்தாள், நோட்டுக்குத் திரும்பிவிட்டாள். மூத்தவள் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் இரண்டு நாளை ஓட்டினாள். ஆறாம் நாள் சின்னவள் வரவில்லை என்றதும் கரண்டி பழையபடி கூம்பாகத் தூளை அள்ளியது. அன்று டிரைவர் ஐயா இரண்டு கிளாஸ் குடித்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம், வியாபாரம் ஓய்ந்த நேரத்தில், அக்கா கடையின் அடுப்படியில் பரீட்சை வைத்தார்கள். அளவுகளைச் சின்னவள் ஒரு அட்டையில் எழுதியிருந்தாள். மீசை, ஒல்லி, சின்னவள் மூவரும் அந்த அட்டையைப் பார்த்துப் போடுவது. மூத்தவள் தன் கைப்படிப் போடுவது. யாருடையது எது என்று தெரியாமல் டிரைவர் ஐயா குடித்துச் சொல்வது. அட்டை பிடிக்காவிட்டால் கிழித்துப் போட்டுவிடலாம் என்று புருஷன் சொல்லியிருந்தார். மூத்தவள் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

சின்னவள் அட்டையைச் சுவரில் மாட்டினாள். நீராவி படாமல் மேலே பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தது. மூத்தவள் படித்தாள்.

ஒரு லிட்டர் தண்ணீர். தூள் நாற்பத்தைந்து கிராம், புது அளவுக் கரண்டியில் மூன்று, கத்தி முதுகால் தலை வழித்து. சர்க்கரை நூற்றிருபது கிராம். கொதி வந்ததிலிருந்து நாலு நிமிஷம். காய்ச்சிய பால் ஒன்றேகால் லிட்டர், சூடாக ஊற்றவும். மறுபடி கொதித்து இரண்டு நிமிஷம். உடனே வடிகட்டவும், தூளோடு நிற்க விடக்கூடாது. பிளாஸ்கில் அரை மணிக்கு மேல் வைக்கக்கூடாது.

முப்பது எங்கே? இரண்டு நிமிஷம் எங்கே? மூத்தவள் திரும்பிச் சின்னவளைப் பார்த்தாள். சின்னவள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலு அடுப்பும் எரிந்தன. மூத்தவள் அள்ளிப் போட்டாள். ஆனால் கண் எங்கே பாத்திரத்தில் இருந்தது? மீசை கரண்டியை வழிக்கிற அழகையும், ஒல்லி உதடு அசைய நொடி எண்ணுவதையும், புருஷன் சின்னவள் பக்கத்தில் போய் நின்று தலையாட்டுவதையும் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த மூன்று பாத்திரத்திலிருந்து எழுந்த வாசனை அவளுக்கு நன்றாகத் தெரிந்த வாசனை. இவளுக்கு யார் சொன்னது, எப்படித் தெரிந்தது என்று நினைத்து நினைத்து நின்றவள், தன் டீ பாலோடு பொங்கி அடங்கிப் பொங்கிக்கொண்டே இருந்ததைக் கவனிக்கவில்லை. மற்ற மூவரும் வடிகட்டி முடித்த பிறகுதான் வடிகட்டியைத் தேடினாள்.

நாலு கிளாஸ். அடியில் எண் எழுதிய தாள். டிரைவர் ஐயா ஒவ்வொன்றாக உறிஞ்சினார், அவசரப்படவில்லை.

“இது அக்கா டீ” என்றார். அடுத்ததைக் குடித்தார். “இதுவும்தான்.” மூன்றாவதைக் குடித்துவிட்டுச் சிரித்தார். “என்னம்மா, எல்லாத்தையும் நீயே போட்டியா?”

நாலாவதை ஒரு வாய் குடித்தார். முகத்தைச் சுளித்துக் கீழே வைத்தார்.

“இது புதுசா வந்த பொண்ணு போட்டதா? பரவால்ல, போகப் போகப் பழகிடும். ரொம்ப நேரம் கொதிக்க விட்டிருக்கு, கசக்குது.”

யாரும் தாளைத் திருப்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இல்லை. புருஷன் தொண்டையைக் கனைத்தார். தலைக்கு மேலே ஓடுகிற விசிறியை மீசை பார்த்தான். மூத்தவள் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காது இரண்டும் சுட்டது.

“ஆமா ஐயா, நான் போட்டதுதான்” என்றாள் சின்னவள். “பழகாத அடுப்பு, அதான்.”

எல்லோரும் போன பிறகு பாத்திரம் கழுவ இரண்டு பேர்தான் இருந்தார்கள். மூத்தவள் நாலாவது பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அது எப்போதோ சுத்தமாகிவிட்டது.

“எப்படித் தெரிஞ்சுது?”

“டின்னை வெச்சுத்தான்க்கா. என் கண்ணு முன்னாடி முப்பது கிராம் போட்டீங்க. அந்தக் கணக்குல ஒரு கிலோ அறுநூறு டீக்கு மேல வரணும். ஆனா போன மாசம் நானூத்தி நாப்பதுக்குத்தான் வந்திருக்கு. நான் நின்ன அஞ்சு நாள் மட்டும் தூள் மிச்சம்.” சின்னவள் கிளாஸைக் கவிழ்த்து வைத்தாள். “ஆறாம் நாள் என் வீட்டுக்காரரை விட்டு பிளாஸ்க்ல உங்க டீயை வாங்கி வரச் சொன்னேன். வீட்டுல ரெண்டு நிமிஷம், மூணு நிமிஷம், நாலு நிமிஷம்னு போட்டுப் போட்டு ருசி பார்த்தேன். நாலுலதான் வந்துச்சு. நாலு நாளா ராத்திரி தூக்கம் வரல எனக்கு, அவ்வளவு டீ குடிச்சேன்.”

“அப்புறம் ஏன் யார்கிட்டயும் சொல்லல?”

“என்ன சொல்றது? அக்கா பொய் சொன்னாங்கன்னா, அப்புறம் அக்கா டீன்னு அட்டையில எழுத முடியுமா?”

மூத்தவளுக்கு அழுகை வரும்போல இருந்தது. கூடவே கோபமும் வந்தது. கெட்டிக்காரியாகவும் இருந்து நல்லவளாகவும் இருந்தால், பக்கத்தில் நிற்பவள் என்னதான் செய்வாள்? கொஞ்சமாவது கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருக்கலாம்.

சின்னவள் அடுத்த கிளாஸைக் கழுவவில்லை. கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒண்ணு சொல்லட்டுமாக்கா? எனக்கும் வயிறு எரிஞ்சுது இன்னிக்கு. அளந்தது நான், எழுதினது நான், மூணாவது கிளாஸ் நானே போட்டது. டிரைவர் ஐயா குடிச்சுட்டு என்ன சொன்னார்? அக்கா டீ. நாளைக்கு நூறு கடை போட்டாலும் அதையேதான் சொல்வாங்க. அந்தக் கசப்பு டீக்கு மட்டும்தான் என் பேரு.”

மூத்தவள் திரும்பிப் பார்த்தாள். கீழுதட்டை உள்ளே இழுத்துக்கொண்டு, கண்ணை வேறு பக்கம் வைத்துக்கொண்டு நின்றாள் சின்னவள். அந்த முகம் மூத்தவளுக்கு நன்றாகத் தெரியும். நாலு மாதமாகத் தலை சீவும்போதெல்லாம் கண்ணாடியில் பார்த்த முகம்தான்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நல்ல எண்ணத்தில் வந்த சிரிப்பு என்று சொல்ல முடியாது. இவளுக்கும் எரிகிறது என்று தெரிந்ததில் நாலு மாதத்து எரிச்சல் பாதி இறங்கியது, அவ்வளவுதான். சின்னவள் முதலில் முறைத்தாள். பிறகு அவளும் சிரித்தாள்.

மூத்தவள் கையைத் துடைத்துக்கொண்டு, தேய்த்து வைத்த பாத்திரத்தில் தண்ணீரை ஊற்றி அடுப்பில் ஏற்றினாள். பிடி வளைந்த கரண்டியை எடுத்தாள், யோசித்தாள், திரும்ப வைத்துவிட்டுப் புதுக் கரண்டியை எடுத்தாள்.

“மணி பாரு” என்றாள். “கொதி வந்ததும் சொல்றேன். இன்னிக்கு என் டீயை நான் இன்னும் குடிக்கல.”