சின்னையா எழுதாத கடிதம்

பினாங்கு போலீஸ் கோர்ட்டுக்கு எதிரே, கடை வரிசையின் நிழலில் மேசை போட்டு, மீரா சாகிப் பதினாறு வருஷமாக மனு எழுதிக்கொண்டிருந்தார். துறைமுகக் கூலி, மாட்டுவண்டிக்காரன், துணி வெளுக்கிறவன், ரப்பர் தோட்டத்தை விட்டு ஓடிவந்த கூலி எல்லாரும் அவரிடம்தான் வருவார்கள். அவர்கள் நாலு வார்த்தை சொன்னால் இவர் நாற்பது வரி எழுதுவார். ஆங்கிலப் பள்ளியில் ஏழாம் வகுப்பு வரை படித்த ஆங்கிலம் அது. படிக்கிற துரைக்குத் தொண்டை அடைக்கும் என்று பேர்.

ஆனால் 1927-ல் நிலைமை மாறிவிட்டது. வக்கீல் ஆபீஸ்களில் தட்டச்சு இயந்திரம் வந்துவிட்டது. கையெழுத்து மனுவைக் கவுண்டரில் இருந்த கிராணிகள் என்ற குமாஸ்தாக்கள் ஓரமாகத் தள்ளி வைத்தார்கள். அந்தச் சமயத்தில்தான் கோர்ட்டில் தமிழை ஆங்கிலத்தில் துரைக்குச் சொல்லும் இரண்டாவது துபாஷியாக இருந்தவர் உடம்பு முடியாமல் நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஏறினார். இடம் காலியாயிற்று.

சேதி கேட்ட அன்றிரவே மீரா சாகிப் மனைவி ஹபீபா பீவியிடம் சொன்னார். "பதினாறு வருஷமா வெளியில உட்கார்ந்து எழுதுனேன். இனி உள்ள நின்னு பேசப் போறேன்."

அவருக்குச் சந்தேகமே வரவில்லை. தலைமைத் துபாஷி சின்னையா அவருடைய உயிர்ச் சிநேகிதன். அவன் ஒரு கடிதம் கொடுத்தால் மாஜிஸ்திரேட் துரை மறுபேச்சுப் பேசமாட்டார். அதோடு, சின்னையாவைக் கோர்ட்டுக்குள் கொண்டுபோய் விட்டதே மீரா சாகிப்தான். பதினோரு வருஷத்துக்கு முன்னால், தண்ணீர்மலைப் பக்கம் குடியிருந்த அந்த ஒல்லி இளைஞனைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், அப்போதிருந்த பெரிய துபாஷியிடம், "இவன் வாயில பொய் வராதுங்க. நான் பொறுப்பு" என்று சொன்னவர் அவர்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வரும்போது, கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலை ஒட்டிய காப்பிக்கடையில் சின்னையா வழக்கம்போலக் காத்திருந்தான். வாரத்தில் அந்த ஒரு மணி நேரம் இருவருக்கும் உரியது. காப்பி வந்ததும் மீரா சாகிப் விஷயத்தைச் சொன்னார். தானே எழுதிவைத்த விண்ணப்பத்தையும் விரித்துக் காட்டினார்.

சின்னையா அதை முழுக்கப் படித்தான். மடித்து, மேசை ஈரம் படாமல் அவர் பக்கம் நகர்த்தினான்.

"கையெழுத்து முத்து மாதிரி இருக்கு அண்ணே."

"அது கெடக்கட்டும். உன் கடுதாசி எப்பக் கொடுக்கிற? திங்கக்கெழமைக்குள்ள போயாகணும்லா."

சின்னையா காப்பிக் கோப்பையைத் தள்ளி வைத்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"அண்ணே, மனசுல வச்சிக்காதீங்க. இந்த வேலைக்கு நான் உங்க பேர எழுத முடியாது."

மீரா சாகிப் சிரித்தார். அவன் விளையாடுகிறான் என்று நினைத்தார். அவன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"ஏன்? துரை வேற யாரையாச்சும் சொல்லிட்டாரா?"

"இல்ல. யாரும் சொல்லல. நானாத்தான் சொல்றேன். போன வருஷம் அந்த விதவைப் பொம்பளைக்கு ஒரு மனு எழுதுனீங்களே, ஞாபகம் இருக்கா? ரெண்டு நாளா அரிசி இல்லைன்னு அது சொல்லிச்சு. நீங்க, கைக்குழந்தை மயங்கிக் கெடக்குதுன்னு எழுதுனீங்க. துரை குழந்தை எங்கேன்னு கேட்டாரு. அதுக்குக் குழந்தையே கெடையாது."

"அதுக்கென்ன? உதவி கெடைச்சுதா இல்லையா?"

"கெடைச்சுது. பொய்னு தெரிஞ்சும் துரை எரக்கப்பட்டுட்டாரு. மனுவுல அது நடக்கும் அண்ணே. உங்க மனசு அப்படி. ஒருத்தன் அழுதா, அவன் அழுகைக்கு நீங்க அலங்காரம் பண்ணுவீங்க. துபாஷி அதைச் செய்யக் கூடாது. அவன் கெட்ட வார்த்தை சொன்னா கெட்ட வார்த்தை, உளறுனா உளறல். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. உங்களால அது முடியாதுன்னு எனக்குத் தெரியுது. தெரிஞ்சுக்கிட்டு முடியும்னு எழுதிக் கையெழுத்துப் போட என் கை வரல."

மீரா சாகிப் பக்கத்து மேசையில் யாராவது கேட்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

சின்னையா அவசரமாகத் தொடர்ந்தான். "நிலப் பதிவு ஆபீஸ்ல பழைய தமிழ்ப் பத்திரமெல்லாம் மலாய்ல எழுத ஆள் தேடுறாங்க. உட்கார்ந்து நிதானமாச் செய்யற வேலை. அதுக்கு உங்களை விட்டா ஆள் இல்ல. இன்னைக்கே எழுதித் தரேன்."

"பழைய காகிதத்தைத் தூசி தட்டுற வேலைக்கு எழுதித் தருவே. உன் பக்கத்துல நிக்கிற வேலைக்கு மட்டும் எழுதமாட்டே."

"அண்ணே, அப்படி இல்ல..."

"நான் உன்னைக் கூட்டிக்கிட்டுப் போனப்போ, உனக்கு இந்த வேலை ஒத்துவருமான்னு நிறுத்துப் பார்க்கல தம்பி." மீரா சாகிப் எழுந்தார். காப்பி அப்படியே இருந்தது.

அந்த இரவு அவருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. வேலை கிடைக்காது என்பதைவிட வேறொன்று குத்தியது. இத்தனை வருஷமும் அவர் மனுவை வாசித்துக் காட்டும்போதெல்லாம், "கல்லும் கரைஞ்சிரும் அண்ணே" என்று சொல்லிச் சிரித்தவன் சின்னையா. அப்படிச் சிரித்துக்கொண்டே உள்ளுக்குள் இந்தக் கணக்கையும் போட்டுக்கொண்டிருந்திருக்கிறான். கூட உட்கார்ந்து காப்பி குடித்தவன் ஒரு பக்கம் தராசையும் பிடித்திருந்தான் என்றால், அந்த வெள்ளிக்கிழமைகள் எல்லாம் என்ன?

மறுநாள் அவர் வக்கீல் ஆபீஸ் தலைமைக் கிராணி ஹனீபாவைப் போய்ப் பார்த்தார். பழக்கம் அதிகமில்லை; ஆனாலும் ஹனீபா தன் வக்கீலிடம் சொல்லி ஒரு சிபாரிசுக் கடிதம் வாங்கிக் கொடுத்தார். விண்ணப்பம் போயிற்று. பத்து நாள் கழித்து, சோதனைக்கு வரச்சொல்லி ஆள் வந்தது.

மாஜிஸ்திரேட் துரைக்குத் தாளில் சோதனை வைப்பதில் நம்பிக்கை இல்லை. நடக்கிற வழக்கு ஒன்றில் ஆளை நிறுத்திப் பார்ப்பார். மீரா சாகிப்பிடம் சத்தியப் பிரமாணம் வாங்கி, கூண்டுக்குப் பக்கத்தில் நிற்க வைத்தார்கள். தலைமைத் துபாஷி சரிபார்க்க வேண்டும் என்பது முறை. ஆகவே சின்னையா இரண்டடி தள்ளி நின்றான். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

கூண்டில் நின்றவன் சுப்பையா என்ற படகுக் கூலி. கப்பலிலிருந்து சரக்கை இறக்கித் தொங்கான் படகில் கரைக்குக் கொண்டுவருகிறவன். கூலிகளை மேய்க்கும் மண்டோரை உதடு கிழிய அடித்துவிட்டான் என்பது வழக்கு. அடித்ததை ஒப்புக்கொள்கிறாயா, சொல்ல வேண்டியது ஏதாவது உண்டா என்று துரை கேட்டார். மீரா சாகிப் அதைத் தமிழில் அழகாகக் கேட்டார்.

சுப்பையா மடை திறந்ததுபோலப் பேசினான்.

"ஆமாங்க துரை, அடிச்சேன். அம்பது பேரு நிக்கிறப்போ, உன் பொஞ்சாதிய ராத்திரி என் கொட்டாய்க்கு அனுப்பு, இல்லாட்டி நாளைக்கு உனக்கு வேலை கெடையாதுன்னான். அவளைப் பத்தி இன்னும் என்னென்னமோ சொன்னான்." அவை என்னென்ன என்பதையும் ஒன்று விடாமல் சொன்னான். "அதான் அடிச்சேன். இன்னும் ரெண்டு போட்டிருக்கணும். இழுத்துப் பிடிச்சிட்டானுங்க."

கோர்ட் அறையின் கடைசியில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு ஒரு பெண் நின்றாள். அவள்தான் மனைவி என்று மீரா சாகிப்புக்குப் பார்த்ததுமே தெரிந்தது. அந்த வார்த்தைகளை, அவள் நிற்கும்போது, வெள்ளைக்காரத் துரைக்கு முன்னால், கேஸ் பார்க்க வந்த சனத்துக்கு முன்னால் எப்படிச் சொல்வது? 'இன்னும் ரெண்டு போட்டிருக்கணும்' என்பதைச் சொன்னால் இந்த முட்டாள் உள்ளே போய்விடுவானே!

அவர் வாயிலிருந்து ஆங்கிலம் தெளிவாக வந்தது. "கோபத்தில் அறிவிழந்து அடித்துவிட்டேன், ஐயா. மிகவும் வருந்துகிறேன். நான் ஏழை. தாங்கள் கருணை காட்ட வேண்டும்."

துரை எழுதிக்கொண்டார். குற்றத்தை ஒப்புக்கொண்டான், காரணம் எதுவும் இல்லை, இரண்டு வாரம் சிறை என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே பேனாவை ஓட்டியவர், சட்டென்று நிறுத்தினார்.

"இவ்வளவு நீளமாகப் பேசினானே, சொன்னது இவ்வளவுதானா?" என்று கேட்டார். கேட்டது மீரா சாகிப்பை அல்ல, சின்னையாவை.

மீரா சாகிப் அப்போதுதான் முதல் முறையாகச் சின்னையாவின் பக்கம் திரும்பினார். ஆமாம் என்று ஒரு சொல் போதும். சின்னையா நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

"இல்லை ஐயா" என்றான்.

பிறகு, கண்ணை ஓரிடத்தில் நிறுத்தி, சுப்பையா சொன்னதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னான். கொட்டாயைச் சொன்னான், கெட்ட வார்த்தைகளைச் சொன்னான், இன்னும் இரண்டு போட்டிருக்க வேண்டும் என்பதையும் சொன்னான். அவன் குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

துரை பேனாவை வைத்துவிட்டு மண்டோரைப் பார்த்தார். அப்படிச் சொன்னாயா என்று கேட்டார். மண்டோர் மழுப்பினான். கூட வேலை செய்த இரண்டு படகுக்காரர்களைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். ஆமாம், நாங்கள் காதால் கேட்டோம் என்றார்கள். கடுமையாகக் கோபமூட்டினால் அடித்த குற்றம் சட்டத்தில் குறைந்துபோகும். துரை எழுதியதை அடித்தார். இனி ஒழுங்காக இருப்பதாகச் சுப்பையாவிடம் கைநாட்டு வாங்கிக்கொண்டு அவனை அனுப்பிவிட்டார். அவன் மனைவி முந்தானையை இறக்கிவிட்டு, தலையை நிமிர்த்திக்கொண்டு அவனோடு வெளியே நடந்தாள்.

மீரா சாகிப்புக்கு எல்லாம் புரிந்தது. அவருடைய அழகான வார்த்தைகள் அந்த மனிதனைச் சிறைக்கு அனுப்பவிருந்தன. அவனுடைய அசிங்கமான வார்த்தைகள்தான் அவனை வீட்டுக்கு அனுப்பின. புரிந்ததால் வலி குறையவில்லை, கூடிற்று. அந்த அறையில் அத்தனை பேரும் அதைப் பார்த்துவிட்டார்கள்.

வெளித் தாழ்வாரத்தில் சின்னையா ஓடிவந்தான்.

"அண்ணே, அவர் கேட்டுட்டாரு. நான் என்ன சொல்லியிருக்கணும்?"

"நீ சொன்னது சரிதான்."

"அண்ணே..."

"சரின்னுதானே சொல்றேன். எனக்கு இந்த வேலை வராதுன்னு உனக்குத் தெரியும். பதினோரு வருஷமாத் தெரியும். ஒரு வெள்ளிக்கெழமை, நாம ரெண்டு பேர் மட்டும் இருந்தப்போ, அண்ணே நீங்க எழுதுறதுல இந்தக் குறை இருக்குன்னு ஒரு தடவை சொல்லியிருக்கலாம்லா? அப்பல்லாம் சிரிச்சே. சொல்ல வேண்டிய நாள்ல என் பேருக்குக் கடுதாசி இல்லேன்னே. இன்னைக்கு ஊரைக் கூட்டி வச்சுச் சொன்னே."

சின்னையா "சொல்லியிருக்கணும்" என்று மட்டும் சொன்னான். அவன் கண் கலங்கியது. மீரா சாகிப் அதைப் பார்த்தார், பார்த்துவிட்டுப் படியிறங்கினார்.

அந்த வேலை பட்டர்வொர்த்திலிருந்து வந்த ஓர் இளைஞனுக்குப் போயிற்று. நிலப் பதிவு ஆபீஸிலிருந்து மீரா சாகிப்புக்கு ஆள் அனுப்பினார்கள். அவர் போகவில்லை. தன் மேசையைக் கோர்ட்டுக்கு எதிரிலிருந்து எடுத்து, துறைமுகத்துக்குப் போகிற தெருவில் ஓர் அரிசிக் கடை முகப்பில் போட்டுக்கொண்டார். வெள்ளிக்கிழமைகளில் பள்ளிவாசலின் மறு வாசல் வழியாக வீட்டுக்குப் போனார்.

பெருநாள் வந்தது. ஒவ்வொரு வருஷமும் போல, சின்னையா பழக்கூடையோடு வாசலில் வந்து நின்றான். ஹபீபா பீவி கணவரின் முகத்தைப் பார்த்தாள். மீரா சாகிப் எழுந்து போய்க் கதவை முழுக்கத் திறந்தார்.

"வாங்க, உட்காருங்க" என்றார்.

தம்பி என்றும் நீ என்றும் பதினோரு வருஷம் அழைத்த வாய் அது. சின்னையா ஒரு கணம் வாசற்படியிலேயே நின்றுவிட்டான். பிறகு செருப்பைக் கழற்றி உள்ளே வந்து, புது விருந்தாளி உட்காருவதுபோல நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். ஹபீபா பீவி பலகாரத் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று மீரா சாகிப் கேட்டார். சௌக்கியம் என்றான் சின்னையா. மழை இந்த வருஷம் அதிகம் என்று ஒருவர் சொல்ல, ஆமாம் என்றார் மற்றவர்.

அவன் போனபிறகு ஹபீபா பீவி, "அவர் நல்ல மனுஷன்தானே" என்றாள்.

"நல்ல மனுஷன்தான்" என்றார் மீரா சாகிப். "அதான் மறக்க முடியல."