எருமை என்று சேமித்த எண்

எங்கள் காரின் பின்கண்ணாடியில் ‘பெண்களுக்குப் பெண் பயிற்சியாளர்’ என்று எழுதி, அதன் கீழே என் கைப்பேசி எண்ணையும் எழுதியிருக்கிறேன். நல்ல பெரிய எழுத்து. பின்னால் வருகிறவன் ஹாரனை அமுக்கிக்கொண்டே படித்துவிடலாம். கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் எல்லாரும் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் வருகிறார்கள். எனக்குச் சோறு போடுவது அதுதான்.

அதைப் பார்த்து ஒருத்தன் கூப்பிட ஆரம்பித்தான். “கியர் போடக் கத்துத் தருவீங்களா மேடம்?” என்று குழைந்தான். அடுத்த வாக்கியமே அசிங்கம். வைத்துவிட்டேன். திரும்பக் கூப்பிட்டான். வகுப்பு நடக்கும்போது, சாப்பிட உட்காரும்போது, குளித்துவிட்டுத் தலை துவட்டும்போது என்று நேரம் காலமே கிடையாது. எடுத்தால் காதில் அசிங்கம், எடுக்காவிட்டால் வாய்ஸ் மெசேஜில் அசிங்கம். வந்தால் தெரிய வேண்டுமே என்று அந்த எண்ணை ‘எருமை’ என்று சேமித்துவைத்தேன். எருமைக்குத்தான் அவமானம், ஆனாலும் அவசரத்துக்கு வேறு பெயர் வரவில்லை.

அண்ணனுக்கு விஷயம் தெரிந்ததும் முகம் கறுத்துவிட்டது.

“நம்பரை மாத்திடு. கண்ணாடியில இருக்கறதையும் சுரண்டி எடுத்துடு.”

“எதுக்கு மாத்தணும்? என்கிட்ட கத்துக்கிட்டவங்க நாலு பேருக்குச் சொல்லி அனுப்பறாங்களே, அவங்கல்லாம் உனக்கா கூப்பிடுவாங்க?”

“வண்டி என் பேர்ல இருக்கு. அந்த நம்பரை ஒட்டிக்கிட்டு அது ரோட்டுல போகக் கூடாது. இந்த மாசம் முடியறதுக்குள்ள எடுக்கலன்னா சாவியைக் கொடுத்துடு.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயைத் திறந்து அசிங்கம் பேசுகிறவன் ஒருத்தன், வாயை மூடிக்கொண்டு வீட்டில் உட்கார வேண்டியவள் நானா? என்ன நியாயமடா இது! அன்றே காவல் நிலையத்துக்குப் போனேன்.

புகார் மேசையில் கண்ணாடி போட்ட ஓர் அம்மா இருந்தார். எழுந்து கத்துகிற ஆளில்லை. என் கைப்பேசியை வாங்கி, நான் எடுத்துவைத்திருந்த ஸ்கிரீன்ஷாட்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். எருமை, எருமை, எருமை. திரை முழுக்க மந்தை.

“இதுல நம்பர் எங்கம்மா?”

“அதான் மேடம், எருமை.”

“எருமைன்னு உங்க தம்பி நம்பரைக்கூட நீங்க சேமிச்சுக்கலாம். எவன் கூப்பிட்டான்னு இதை வெச்சு எப்படிச் சொல்றது?”

நல்லவேளை, எதையும் அழிக்கவில்லை. அவர் சொன்னபடி அங்கேயே அந்தப் பெயரை நீக்கினேன். திரையில் எண் வெட்டவெளிச்சமாக நின்றது. தேதியும் நேரமும் எண்ணும் ஒன்றாகத் தெரியும்படி எல்லாவற்றையும் திரும்ப எடுத்தோம்.

“வாய்ஸ் மெசேஜை அழிக்காதீங்க. இன்னொரு இடத்துலயும் காப்பி வெச்சுக்கோங்க, ஆனா இந்த போன்ல இருக்கற ஒரிஜினல் அப்படியே இருக்கணும். அப்புறம், ஒவ்வொரு தடவையும் அவன் போனை வெச்ச உடனே எழுதிடுங்க. எந்த நாள், எத்தனை மணி, எவ்வளவு நேரம், என்ன சொன்னான், பக்கத்துல யார் இருந்தாங்க.”

“அவன் சொன்னதை எழுத எனக்கே கூசுது மேடம்.”

“அவன் வார்த்தையிலயே எழுதுங்க. ‘அசிங்கமாப் பேசினான்’னு எழுதினா எனக்கு ஒண்ணும் புரியாது. போன் கம்பெனிகிட்ட நாங்க கேட்டா யார் நம்பர், எப்ப கூப்பிட்டான்னுதான் வரும். பேசினது வராது. அதுக்கு உங்க எழுத்தும் சாட்சியும்தான். விட்டு எழுதக் கூடாது, சேர்த்தும் எழுதக் கூடாது. நீங்க பதிலுக்கு ஏதாவது சொன்னா அதையும் எழுதுங்க. சொல்லாம இருந்தா ரொம்ப நல்லது.”

சொல்லாமல் இருப்பதா? நானா? பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினேன்.

சில நாள் நன்றாகவே இருந்தேன். அவன் பேசுவான், நான் மணி பார்ப்பேன், எழுதுவேன். ஒரு நாள் என்னிடம் கற்றுக்கொள்ளும் பல் டாக்டர் அம்மா ஸ்டியரிங்கில் இருந்தபோது அழைத்தான். வண்டியை ஓரங்கட்டச் சொல்லி ஸ்பீக்கரில் போட்டேன். அந்த அம்மா ஒரு வார்த்தை விடாமல் கேட்டார்.

“இவன் ஒரே ஒரு தடவை என் நாற்காலியில வந்து உக்காரட்டும்,” என்றார். அவர் கேட்டதை அவர் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொடுத்தார்.

மறுநாள்தான் கெட்டுப்போயிற்று. செத்துப்போன என் அம்மாவை இழுத்து ஒரு வார்த்தை சொன்னான். அவ்வளவுதான், வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டேன். இத்தனை வருடம் நடுரோட்டில் லாரிக்காரர்களிடம் கற்றுவைத்திருந்த எல்லாம் ஒரே மூச்சில் வெளியே வந்தது. போனை வைத்தேன். மனசு குளுகுளுவென்று இருந்தது, பொய் சொல்வானேன்.

சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அதையும் எழுதிக்கொண்டிருந்தேன். அண்ணன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான்.

“ஐயோ, இதையெல்லாமா எழுதுவாங்க? பொம்பள பேசற பேச்சா இது? அந்தத் தாளைக் கிழிச்சுப் போடு. போலீஸ் உன்னைத்தான் காறித் துப்பும்.”

“துப்பட்டும். பேசினேன், எழுதறேன். மறைக்க நான் என்ன திருடியா?”

கிழித்துவிடலாமா என்று எனக்கும் ஒரு நொடி ஆசை வந்தது. இந்த ஒரு தாளால் புகாரே படுத்துவிட்டால் சாவியை நீட்ட வேண்டியதுதான். ஆனாலும் ஒரு வார்த்தையைக்கூட விடாமல் எழுதி, மற்ற தாள்களோடு மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன்.

மாதம் முடியும் முன்பே காவல் நிலையத்திலிருந்து கூப்பிட்டார்கள். அண்ணனும் கூடவே வந்தான். மேசைக்கு எதிரே தேய்த்த சட்டையும் பாலிஷ் போட்ட ஷூவுமாக ஒருத்தன் உட்கார்ந்திருந்தான். முன்பின் பார்த்ததில்லை. அடப்பாவி, இவனா! தெருவில் பார்த்தால் வழி விட்டிருப்பேன்.

“மேடம், நான் ஒரு தடவைதான் கிளாஸ் விஷயமா கூப்பிட்டேன். இந்தம்மாதான் என்னைக் கேவலமாப் பேசினாங்க. என்கிட்ட ஆதாரம் இருக்கு,” என்று கைப்பேசியை மேசைமேல் வைத்துத் தட்டினான்.

அவன் போட்ட பதிவில் என் குரல் அறை முழுக்கக் கேட்டது. லாரிக்காரர்கள் எல்லாரும் என் வாய் வழியாக வந்து நின்றார்கள். அவன் பேசியதை வெட்டிவிட்டு என் பாட்டை மட்டும் வைத்திருந்தான். அண்ணன் என்னைப் பார்த்து, நான்தான் சொன்னேனே என்பதுபோல் கண்ணை மூடிக்கொண்டான்.

கண்ணாடி போட்ட அந்தப் போலீஸ் அம்மா என் தாள்களைப் புரட்டினார். ஒன்றை உருவி, பதிவை முதலிலிருந்து மறுபடி போடச் சொல்லி, மளிகைச் சாமான் பட்டியல் படிக்கிற குரலில், நான் திட்டியதை முதல் வார்த்தையிலிருந்து வாசித்தார். வாசிக்க வாசிக்க, ஓடிக்கொண்டிருந்த பதிவும் அதே வார்த்தைகளைச் சொல்லிக்கொண்டே வந்தது.

“இது இவங்களே எழுதிக் கொடுத்தது. நீ கொண்டுவர்றதுக்கு முன்னாடியே. இதுக்கு முன்னாடி நீ என்ன சொன்னேன்னும் இதே தாள்ல இருக்கு. அதை உன் போன்ல காணோமே?”

அவன் கைப்பேசியை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

“ஒரு தடவைதான் கூப்பிட்டியா? கம்பெனி லிஸ்ட் இது. இவங்க எழுதின நேரமும் இதுல இருக்கற நேரமும் வரிக்கு வரி ஒத்துப்போகுது. இவங்க தன்னைப் பத்தியே மறைக்கல. உன்னைப் பத்தி எதுக்குப் பொய் எழுதணும்?”

அவன் சட்டையின் கக்கத்தில் ஈரம் பரவியது. என் பக்கம் பார்க்காமல் அண்ணனைப் பார்த்துக் கெஞ்சினான்.

“சார், வேலை போயிடும் சார். நீங்க பெரிய மனசு பண்ணுங்க. தங்கச்சிகிட்ட நம்பரை மட்டும் மாத்திக்கச் சொல்லுங்க, அவங்க இருக்கற திக்குக்கே வரமாட்டேன்.”

அண்ணன் அவனை ஏற இறங்கப் பார்த்தான்.

“அவ நம்பர், என்கிட்ட எதுக்குக் கேக்கறே?” என்றான்.

அந்த அம்மா பேனாவை எடுத்தார். “புகாரை மேற்கொண்டு நடத்தலாமாம்மா?”

“நடத்துங்க.”

“தகவல் சொல்ல எந்த நம்பருக்குக் கூப்பிடறது?”

நான் நாற்காலியை அவன் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, அவன் முகத்தைப் பார்த்தே, என் எண்ணை ஒவ்வொரு இலக்கமாக நிறுத்தி நிதானமாகச் சொன்னேன்.