வெள்ளிக்கிழமை டேப்

வேலாமணிக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும். அன்றைக்கு ஊட்டியில் மூடுபனி ஜன்னலை விட்டு நகராத குளிர். ஆனாலும் பாலிடெக்னிக் கம்ப்யூட்டர் லேப்பில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணின் இரண்டு காதும் கங்காய்ச் சிவந்திருந்தன. அவள் எதிரே இருந்த பச்சை எழுத்துத் திரை, அப்படியொரு டைரக்டரியே இல்லை என்று மூன்றாவது முறையாகச் சொன்னது.

இல்லாமல் போனது ஐவியின் டைரக்டரி, கம்ப்யூட்டரில் அவளுக்கென்று ஒதுக்கிய இடம். வேலாமணியின் உயிர் அதற்குள்தான் இருந்தது.

இருவரும் ஒரே வகுப்பு. ஏப்ரலில் ஐவி தேறிவிட்டாள். வேலாமணி மஞ்சள் காமாலையில் படுத்து, ப்ராஜெக்ட் தேர்வைத் தவறவிட்டாள். அதை அக்டோபர் பன்னிரண்டாம் தேதி மறுபடி நடத்துகிறார்கள். அவளுடைய ப்ராஜெக்ட் மழைக் கணக்கு. எமரால்டு ஊர்ப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டில் நாற்பது வருஷமாக நாள்தோறும் எழுதிவைத்த மழை ரிஜிஸ்டரைப் போன வருஷம் ஐந்து மாதம் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் தட்டினாள். இத்தனை மழைக்குப் பிறகு இத்தனை நாளில் கொழுந்து எடுக்கலாம் என்று அவள் எழுதிய புரோகிராம் சொல்லும். புரோகிராம் அவள் இடத்தில் இருக்கிறது. தட்டிய மழை முழுக்க ஐவியின் இடத்தில் இருந்தது. ஒருத்தருக்கு அரை மெகாபைட்தான் இடம். வேலாமணியின் இடம் நிரம்பிவிட்டதால், "எங்கூட்ல வெச்சுக்கடி, நெறய எடங் கெடக்குது" என்று ஐவி திறந்துவிட்டிருந்தாள்.

லேப் பொறுப்பாளர் அழகர்சாமி மேஜையில் பேனாவைத் தட்டினார். "லெட்டர் அனுப்பினேன்ல, படிச்சியா இல்லியா?"

படித்திருந்தாள். அதுதான் இன்னும் எரிந்தது. ஏப்ரலில் வந்த அந்தக் கடிதம் நாலாய் மடித்தபடி இப்போதும் பைக்குள் இருந்தது.

"மாணவ மாணவியருக்கு: தலைக்கு ஐந்நூறு கிலோபைட்டுக்கு மேல் இடம் தரப்படமாட்டாது. வெள்ளிக்கிழமைதோறும் மாலை நான்கு மணிக்கு முழு டிஸ்க்கும் டேப்பில் நகல் எடுக்கப்படும். நான்கு டேப்புகள் மாறிமாறிப் பயன்படுத்தப்படுவதால், ஒரு நகல் நான்கு வாரமே நிற்கும். தேர்ச்சி பெற்றோரின் கோப்புகள் ஆகஸ்ட் 31 அன்று அழிக்கப்படும். நகலிலிருந்து மீட்க, இடத்துக்கு உடையவர் நேரில் கையெழுத்திட வேண்டும்."

தேர்ச்சி பெற்றோர் என்று போட்டிருக்கிறதே, நான்தான் தேறவில்லையே, நமக்கென்ன என்று மடித்து வைத்துவிட்டாள். எத்தனை பேர் இப்படி மடித்து வைக்கிறோம், சொல்லுங்கள்.

"சார், அழிக்கிறதுக்கு முந்தி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"யாரை? ஐவி இடம், ஐவி பாஸ். அதுக்குள்ள நீ குடியிருக்கேன்னு எனக்கு ஜோசியமா தெரியும்?"

"டேப்பில இருக்கும்ல?"

அழகர்சாமி காலண்டரைப் பார்த்தார். விரல்விட்டு எண்ணினார். "ஆகஸ்ட் இருபத்தெட்டு டேப்புல இருக்கும். அப்புறம் நாலு, பதினொண்ணு, பதினெட்டு. இன்னைக்கு இருபத்தஞ்சு. நாலு மணிக்கு முதல் டேப் திரும்பச் சுத்துது. அதுமேலதான் எழுதணும்."

"இன்னைக்கு ஒருநாள் நிறுத்திவைங்க சார்!"

"நாப்பது பேரோட வேலை இருக்கு. இன்னைக்கு எடுக்காம நாளைக்கு டிஸ்க் போச்சுன்னா அவங்களுக்கு நீ பதில் சொல்லுவியா?"

"அப்ப அஞ்சாவதா ஒண்ணு போடுங்க."

"ரெண்டு வருஷமா கேட்டு எழுதறேன். வந்தா உனக்குத்தான் முதல் சேதி."

"சரி, இப்பவே எடுத்துக் குடுங்க. என்னோட ஃபைல்தானே?"

"பேர் ஐவி பேர். போன வருஷம் ஒருத்தன் இப்படித்தான் வந்து, என்னதுன்னு சொல்லி இன்னொருத்தன் ப்ராஜெக்ட்டை அள்ளிட்டுப் போனான். அன்னையிலேர்ந்து உடையவங்க வந்து கையெழுத்துப் போட்டாத்தான்."

"பேர், பேர்!" என்று வேலாமணி கத்தினாள். டெர்மினல் முன்னால் இருந்த பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். "எத்தனை தடவை சார் நான் இன்னொருத்தர் பேருக்குள்ள இருக்கிறது? இனி ஏலாது சார்!"

அவளுடைய பழைய சங்கதி அழகர்சாமிக்குத் தெரியாது. பதினோரு வயதில், இலங்கையில் பதுளையிலிருந்து அவளைக் கப்பலேற்றியவர் சித்தப்பா. தாயகம் திரும்புகிறவர்களுக்குத் தந்த தன் குடும்பக் கார்டில் நாலாவது மகள் என்று எழுதிக் கூட்டிவந்தார். அப்பா அம்மா கார்டுக்கு முறை வருமுன் கப்பல் நின்றுபோனது; அவர்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள். இன்றைக்கும் கல்லூரிப் பதிவில் தகப்பன் பெயர் சித்தப்பா பெயர்தான்.

மணி பத்தே முக்கால். பையைத் தூக்கிக்கொண்டு ஐவியைக் கூப்பிட ஓடினாள்.

குன்னூர் பஸ் லவ்டேல் திருப்பத்தில் லாரிக்குப் பின்னால் முக்கால் மணி நேரம் நின்றது. டிரைவரை, லாரியை, மழையை, தன்னை எல்லாரையும் மனசுக்குள் வைதாள். அருவங்காட்டுக் குவார்ட்டர்ஸை அடைந்தபோது ஐவி கொடியில் துணி உதறிக்கொண்டிருந்தாள்.

"அஞ்சு மாசமாச்சு. இப்பத்தான் எங்க ஊடு கண்ணுக்குத் தெரிஞ்சுதா?"

வேலாமணி மூச்சுவிடாமல் சொன்னாள். ஐவியின் முகம் மாறியது.

"ஏண்டி, அழிச்சுப்போடுவாங்கன்னு லெட்டர் எனக்குந்தான் வந்துது. உன்னுது உள்ள இருக்குதுன்னு ஒரு கார்டு போட எனக்கும் தோணல பாரு. எரும மாட்டுக்குப் பொறந்தவ நானு." ஈரக் கையைப் பாவாடையில் துடைத்தாள்.

"ஒரு கையெழுத்து மட்டும் போட்டுக் குடு."

"குடுத்தா நீயே போட்டுக்கிட்டு வந்தேன்னு சொல்லுவாரு அந்த மனுசன். நட, நானே வாரேன்."

லேப் வாசலை அவர்கள் மிதித்தபோது மூன்று இருபது. அழகர்சாமி கையில் முதல் டேப் இருந்தது. ஐவி நேராகப் போய் நோட்டில் கையெழுத்துப் போட்டாள். பேனாவை அழுத்திய அழுத்தில் தாள் கிழிந்தது. அவர் டேப்பின் மூலையிலிருந்த சிறு திருகைத் திருப்பி, எழுத முடியாதபடி செய்துவிட்டு உள்ளே தள்ளினார். டேப் முனகிக்கொண்டே ஓடியது.

"இறக்க முந்நூறு கிலோபைட் வேணும். உன் இடத்துல பத்துகூட இல்லியே. என்னத்தை அடைச்சு வெச்சிருக்க?"

பட்டியலைத் திரையில் விட்டார். மழை ஒன்று, மழை இரண்டு, மழை புதுசு, மழை கடைசி, மழை கடைசிக்குக் கடைசி. ஒரே புரோகிராம், ஐந்து நகல்.

ஐவி இடுப்பில் கைவைத்தாள். "அடிப்பாவி! எழுதுனா நாலு நாள்ல திரும்ப எழுதிப்போடற சங்கதிக்கு அஞ்சு காப்பி. அஞ்சு மாசம் தட்டுனது ஒண்ணே ஒண்ணு, அதுவும் எங்கூட்ல!"

வேலாமணி பட்டியலை மறுபடி மேலிருந்து படித்தாள். வீட்டில் சித்தி தெய்வம்மா கார்டு, ரசீது, தடுப்பூசிச் சீட்டு என்று எதற்கும் ஐந்து நகல் எடுத்து பிஸ்கட் டின்னில் பூட்டிவைக்கிறவள். அந்தக் கைதான் தனக்கும் வந்திருக்கிறது. காலையிலிருந்து ஊரெல்லாம் சுற்றிய கோபம் வந்து அவள் தலைமேலேயே உட்கார்ந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக அழித்தாள். கடைசிக்குக் கடைசி மட்டும் மிஞ்சியது.

மணி மூன்று நாற்பத்தைந்து. மழை இறங்கியது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தாறு ஜனவரி முதல் தேதியிலிருந்து, ஒரு நாளும் குறையாமல்.

அழகர்சாமி இன்னொரு கட்டளை தட்டினார். கோப்பின் பெயருக்குப் பக்கத்தில் உடையவர் இடத்திலிருந்த எழுத்து மாறியது. அங்கே வேலாமணி என்று இருந்தது.

"இனி உன் பேர்ல கிடக்கும். யார் கையெழுத்தும் உனக்கு வேணாம்."

நன்றி சொல்லத்தான் வாயைத் திறந்தாள். "லெட்டர்ல இன்னும் ஒரு வரி போட்டிருக்கலாம் சார். அடுத்தவங்க இடத்துல வெச்சிருந்தா எடுத்துக்கன்னு."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அடுத்த வருஷம் போடறேன்," என்றார். திருகைப் பழைய இடத்துக்குத் திருப்பினார். சரியாக நான்கு மணிக்கு அதே டேப்பின் மேல் அந்த வாரத்து வேலை எழுதப்படத் தொடங்கியது.

வெளியே வந்ததும் ஐவி அவள் காதைத் தொட்டுப் பார்த்தாள். "இன்னும் சுடுது. கோவம் போகலையா?"

"போகல. பாஸாயிட்டா அடுத்த ஆகஸ்ட்ல என்னோடதையும் அழிச்சுடுவாரு."

"அப்பறம்?"

"அழிக்கட்டும். அதுக்கு முந்தின வெள்ளிக்கிழமை நானே வந்து நின்னு எடுத்துட்டுப் போவேன்."