முடிவுக்குப் பொறுப்பு

தேவாரம் ஊருக்கு மேற்கே புது வாய்க்காலில் விட்ட தண்ணீர் மேட்டடியில் வந்து நின்றுவிட்டது. அதற்கு அப்பால் வெட்டிய தரை ஓர் அடி உயர்ந்து கிடந்தது.

மட்டம் எடுத்தவர்கள் இரண்டு பேர். அந்தோணிமுத்து மட்டக் கண்ணாடி வழியாக அளவுகோலைப் பார்த்து எண் சொன்னார். ராக்கையா அதை எழுதி, கணக்கிட்டு, தரையில் அடித்த ஒவ்வொரு முளைக்கும் எத்தனை அடி வெட்ட வேண்டும் என்று குறித்தான். நோட்டின் முதல் பக்கத்தில் ஓவர்சியர் வைகுண்டராஜ் இரண்டு வேலையையும் பிரித்து எழுதி, கீழே ஒரு வரி சேர்த்திருந்தார்: முடிவுக்குப் பொறுப்பு, ராக்கையா. அந்த வரியைக் கேட்டு வாங்கியதே ராக்கையாதான். இந்த வேலை தேறினால் உத்தியோகம் நிரந்தரமாகும்.

முகாமில் ஓவர்சியர் நோட்டைப் புரட்டினார். கூட்டல் எல்லாம் சரியாக இருந்தது.

"மேட்டுல கோல் ரொம்பக் கிட்டத்துல இருந்துச்சுங்க" என்றார் அந்தோணிமுத்து. "கோல்ல சிவப்பா எழுதுன அடி எண் கண்ணாடிக்குள்ள விழல. கோலத் தூக்கச் சொல்லிப் பாத்திருக்கணும். நாலுன்னு நானே வச்சுக்கிட்டேன். மூணு போலருக்கு."

"யாரு பாத்தான்னு நான் கேக்கல." ஓவர்சியர் ராக்கையாவைப் பார்த்தார். "மட்டம் எடுக்கப் புறப்பட்ட கல்லுக்குத் திரும்ப அளந்து வந்தீகளா? வந்திருந்தா அந்த ஓர் அடி அங்கனயே தெரிஞ்சிருக்கும்."

மட்டம் எடுத்த அன்றைக்கு மழை கட்டிக்கொண்டு நின்றது. வீட்டில் மனைவி பிலோமினாவுக்குக் காய்ச்சல் என்று அந்தோணிமுத்து வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "கூட்டல் ஒத்துப்போச்சுண்ணே, கெளம்புங்க" என்றவன் ராக்கையாதான். திரும்பி அளப்பதா வேண்டாமா என்று சொல்லும் உரிமை அவனுக்கு மட்டுமே இருந்தது.

"வரலங்க."

"நோட்டத் திருத்தி எழுதிக் குடு. நாளைக்கு உன் எடத்துக்குச் சண்முகராஜ் வருவான். கண்ணாடிய அந்தோணிமுத்துவே பாக்கட்டும்."

"அய்யா, தப்பு என் கண்ணுல" என்றார் அந்தோணிமுத்து.

"கண்ணுக்குத் தப்பு வரும்னுதான்யா பொறுப்புன்னு ஒருத்தன எழுதுறது."

மேட்டுக்குப் பிந்திய மட்டங்களைப் பழைய எண் தெரியும்படி அடித்துப் புது எண் எழுதி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் பொறுப்பாளன் கையெழுத்திட வேண்டும். மொத்தம் இருபத்து மூன்று. ராக்கையா பெட்டிமேல் நோட்டை வைத்து உட்கார்ந்தான். அந்தோணிமுத்து போகாமல் நின்றார்.

"பிலோமினா எப்படி இருக்காக?"

"எந்திரிச்சு நடக்குறா."

பதினோராவது கையெழுத்தில் மை தீர்ந்தது. அந்தோணிமுத்து புட்டியைத் திறந்து பிடித்தார். ராக்கையா தொட்டு எழுதினான்.

"என் பேரையும் போட்டிருக்கலாமேப்பா."

"அதுக்கு நோட்டுல வரி இல்லண்ணே."

மிச்சமிருந்த பன்னிரண்டையும் போட்டு முடித்து, நோட்டை அவர் கையில் கொடுத்தான்.