இரண்டில் தொடங்கும் ஷேட்

வானொலிக்கு முகம் முளைத்துவிட்டது. பன்னிரண்டு வருஷமாகக் குரலோடு திருப்தியாக இருந்த நிலையம், ஒலிபரப்பு அறையில் கேமராவை மாட்டிவிட்டது. இன்று பதினொரு மணி நிகழ்ச்சியிலிருந்து அறிவிப்பாளரின் முகமும் நேரலையில் போகும். வீட்டில் ‘ரேடியோ’ என்றே பெயரெடுத்துவிட்ட அந்த அறிவிப்பாளருக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. ஊர் பார்க்கப்போகும் முகத்தைத் தான் பார்க்க முடியாததில் அவளுக்குக் குறை ஒன்றுமில்லை. பார்த்தவர்கள் சிரித்துவிடக் கூடாதே என்ற பயம்தான் இருந்தது.

மேசையில் ஒரே கம்பெனியின் இரண்டு டப்பாக்கள். ஒன்று முகத்துக்கு நிறம் தரும் ஃபவுண்டேஷன், மற்றது ராத்திரி க்ரீம். அளவும் வாசனையும் வழுவழுப்பும் ஒன்றேதான். ஃபவுண்டேஷனுக்கு ஒரு ரப்பர் பேண்டு, ராத்திரி க்ரீமுக்கு இரண்டு என்று அடையாளம் வைத்திருந்தாள். நேற்று மேசையைத் துடைத்த அண்ணி, குப்பை என்று மூன்றையும் கழற்றி எறிந்துவிட்டாள்.

அண்ணி கடைக்குப் போயிருந்தாள். இருந்திருந்தாலும் பிரயோஜனமில்லை. ஒருநாள் இவள் சட்டையை உள்புறம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டு நின்றபோது “நல்லா இருக்கே” என்று வழியனுப்பிவைத்த புண்ணியவதி.

அதனால் பார்வையற்றவர்களுக்குக் கண் இரவல் தரும் செயலியைத் திறந்தாள். வீடியோ அழைப்பில் முன்பின் தெரியாத தன்னார்வலர் ஒருவர் வந்தார்.

“சொல்லுங்க மேடம்.”

“இதுல எது ஃபவுண்டேஷன்னு பாத்துச் சொல்லணும் சார்.”

“எழுத்தெல்லாம் தேஞ்சு கெடக்கு. மூடியைத் தொறங்க. இது வெள்ளை. இன்னொண்ணு... ஆங், இதுதான் கலரு. ஓரத்துல ‘ஷேட்’னு இருக்கு. பக்கத்துல நம்பர் ரெண்டுல ஆரம்பிக்குது. மிச்சத்தைக் காணோம்.”

“இந்த நிறம் எனக்குப் பொருந்துமா?”

“நம்பரை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு கணக்கு. தடவித்தான் பாக்கணும்.”

“உங்களுக்கு மேக்கப் பத்தித் தெரியுமா?”

“தெரியாதுங்க. பெயிண்ட் கடையில கலர் கலக்குறேன். இருபது வருஷமாச்சு.”

போனை வைத்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். மணி ஒன்பதரை. வைக்கவில்லை.

அவர் வேலையில் இறங்கிவிட்டார். ட்யூப் லைட்டை அணைக்கச் சொன்னார். அது கலரைக் கெடுக்குமாம். வெயில் நேராக விழாத ஜன்னலோரம் நிற்கச் சொன்னார். கன்னத்தருகே ஒரு வெள்ளைத் தாளைப் பிடிக்கச் சொன்னார். தாள் வெள்ளையாகத் தெரிந்தால்தான் அவர் போன் பொய் சொல்லவில்லை என்று அர்த்தமாம். அவள் புறங்கையில் தடவப் போனாள்.

“கையில வேண்டாம். எந்தச் செவுத்துக்கு அடிக்கப் போறோமோ அந்தச் செவுத்துலதான் பாக்கணும். தாடையில ஒரு கோடு, அப்படியே கழுத்து வரைக்கும் இழுங்க.”

இழுத்தாள்.

“பொருந்துதா?”

“ஈரத்துல சொல்ல மாட்டேன். காயட்டும்.”

பத்து நிமிஷம் இருவரும் அது காய்வதற்காகக் காத்திருந்தார்கள். நடுவில் அவர் கடைக்கு வந்த யாரிடமோ, “ப்ரைமர் ரெண்டாவது ரேக்குல இருக்கு பாருங்க” என்றார்.

“காஞ்சிருச்சு. இப்பத் தாளைப் பிடிங்க. ம்ம். இது உங்க கலர் இல்லைங்க மேடம்.”

“எவ்வளவு வித்தியாசம்?”

“ரெண்டு மூணு ஷேடு வெளுப்பு. ரோஸ் வேற தூக்கலா அடிக்குது. உங்க தோல்ல இருக்கிறது மஞ்சள் கலந்த பழுப்பு. கழுத்தையும் மூஞ்சியையும் வேற வேற ஆள் அடிச்ச மாதிரி இருக்கும்.”

எட்டு மாதமாக இதைத்தான் பூசுகிறாள். ஒரு கல்யாணம், இரண்டு பிறந்தநாள், தினமும் அலுவலகம். அண்ணி வாங்கி வந்து, “உனக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு” என்ற டப்பா. இவ்வளவு பேர் பார்த்தார்கள், ஒருவர் வாய் திறக்கவில்லை. அவமானத்தில் காது சூடேறியது. அழுகையும் வந்தது, அதற்கு நேரமில்லை.

“இப்ப என்ன சார் செய்யறது?”

“கழுவிருங்க. அடியில நல்லாத்தான் இருக்கு. பட்டி பூசிச் சமன் பண்ற வேலைகூட இல்ல.”

அவர் தொழிலில் அது பெரிய பாராட்டு என்பது குரலிலேயே தெரிந்தது. நன்றி சொல்லி வைத்தாள். முகத்தைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவி, துடைத்து, தலைவாரிக்கொண்டாள்.

வாசலில் செருப்பு மாட்டும்போது அண்ணி வந்துவிட்டாள்.

“எப்படி அண்ணி இருக்கேன்?”

“நல்லா இருக்கே! நான் வாங்கித் தந்த க்ரீம் இன்னிக்கு என்னமா பிடிச்சிருக்கு!”

“நான் எதுவும் போடலை அண்ணி. கழுவிட்டேன். அது என் நிறமே இல்லையாம்.”

பை தரையில் இறங்கும் சத்தம் கேட்டது. இனி அண்ணி ஏதாவது சமாளிப்பாள் என்று இவள் காத்திருந்தாள்.

அண்ணி பக்கத்தில் வந்து நின்றாள்.

“வகிடு கோணலா இருக்கு,” என்றாள் மெதுவாக.

“எப்பலேர்ந்து?”

அண்ணி யோசித்தாள்.

“எப்பவுமே.”

இவள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, தன் கைப்பையிலிருந்து சீப்பை எடுத்து அண்ணியிடம் நீட்டினாள்.