தபால்காரர் குனிந்த இடம்

தபால்காரர் முதல் அடி எடுத்து வைத்ததைத் திரையில் பார்த்தபோது என் கழுத்துக்குப் பின்னால் சிலிர்த்தது. அந்தக் காலைத் தூக்கியதும் நான்தான், இறக்கியதும் நான்தான். அப்படியிருந்தும் அவர் தானாக நடந்தார்.

உயரம் ஒரு சாண்கூட இல்லை. ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரப் பழம்பொருள் சந்தையில் வாங்கிய பிளாஸ்ரிக் பொம்மை. மஞ்சள் சட்டை, தோளில் பை. முழங்கால், முழங்கை, இடுப்பு எல்லாம் மடங்கும். பத்து விநாடிகளுக்குள் அவர் மேசையின் ஒரு பக்கத்திலிருந்து அட்டைக் கதவுவரை நடந்து, கையிலிருக்கும் பொதியை வாசலில் வைக்க வேண்டும். அவ்வளவுதான் கதை.

டோர்ட்முண்ட் நகரில், பொம்மைகளைச் சிறிது சிறிதாக நகர்த்திப் படமெடுத்துத் திரையில் ஓடவிடும் சிறிய பட்டறை ஒன்று ஒருவருக்குத் தொழிற்பயிற்சி இடம் கொடுக்கிறது. விண்ணப்பிப்பவர்களை வெட்டி ஒட்டாத ஒரே காட்சியை அனுப்பச் சொல்லியிருந்தார்கள். இன்று மாலையோடு தவணை முடிகிறது. அப்பா ஞானசுந்தரமோ, கோயிலில் பழக்கமான ஒருவர் மூலம் பல் வைத்தியரின் கிளினிக்கில் எனக்கு அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி இடம் பேசி முடித்துவிட்டார். நாளைக் காலை அங்கே கையெழுத்து. படம் போகாவிட்டால் நான் போவேன்.

எனக்கு என்மேல் நம்பிக்கை குறைவு. அதனால் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தேன். பொம்மைப் படம் எடுக்கக் கற்கும் எங்கள் மாலை வகுப்பு நடக்கும் அறையில் ஜன்னல் உருளைக் கதவுகளை இறக்கினேன். ஒரு மேசை விளக்கு, அதன் முன்னால் வெளிச்சத்தை மென்மையாக்க, கேக் வெதுப்பும் தட்டில் விரிக்கும் தாள், மறுபக்கம் நிழலை மெலிதாக்க ஒரு வெள்ளை அட்டை. கமராவின் வெளிச்ச அளவு, நிறம், குவியம் எதையும் அது தானாக மாற்றாதபடி பூட்டினேன். கமராத் தாங்கியின் மூன்று கால்களையும் தரையில் நாடாவால் ஒட்டி, நடுவில் மணல் பையைத் தொங்கவிட்டேன். படச்சட்டத்துக்கு வெளியே மேசை ஓரமாக, தூரம் அளக்கக் கட்டம் போட்ட கடதாசித் துண்டு ஒன்று. ஒவ்வொரு படத்துக்கும் அவர் மூன்று மில்லிமீற்றர் நகர்வார். புறப்படும்போது மட்டும் அதைவிடக் குறைவு. எந்த உடம்பும் ஒரேயடியாக வேகம் எடுக்காது. ஒரு விநாடிக்குப் பன்னிரண்டு படங்கள்.

என் கூட்டாளி கொறற்றி அக்கா. மன்னாரிலிருந்து வந்தவர், ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. கமராவை யாரும் தொடக் கூடாது என்பதால் அவர் மடிக்கணினியின் விசையை அழுத்திப் படம் எடுப்பார்.

"கையை எடுத்திட்டியோ?"

"ஓம் அக்கா."

"உன்ர சட்டைக் கைக்கும் சேர்த்துத்தான் கேக்கிறன். போனமுறை அதுவும் படத்தில நடிச்சது."

விசை சொடுக்கென்றது. நான் தபால்காரரை நகர்த்தினேன். பாதத்தின் கீழே கடுகளவு பசைக்களி அவரைப் பிடித்துக்கொண்டது. மீண்டும் சொடுக்கு. திரையில் முந்தைய படம் பேய்போல மங்கலாகத் தெரியும். புதிய நிலை அதற்குச் சற்று முன்னால் தெரியும். அந்தச் சிறிய இடைவெளிக்குள்தான் எங்கோ உயிர் இருக்கிறது என்று நினைத்தேன். அதைப் பார்க்க முடியாது. ஓடவிட்டால் மட்டும் வரும்.

பாதித் தூரம் வந்தாயிற்று. களி எடுக்கத் திரும்பியபோது என் கால் தாங்கியில் இடித்தது. மணல் பை அதைப் பிடித்துக்கொண்டது. கமரா அசையவே இல்லை.

ஆனால் என் கை என்னைக் கேட்கவில்லை. சின்ன வயதிலிருந்தே புத்தகத்தில், கருவியில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் கை அது. குனிந்து, கமராவைத் தொட்டு, இரு கண்களிலும் ஒற்றிக்கொண்டேன்.

கொறற்றி அக்கா வாயைப் பொத்தினார்.

"அடியே அஜிதா! கால் பட்டதுக்கு ஒண்டும் நடக்கேல்லை. நீ கும்பிட்டுத்தான் கெடுத்தாய்!"

திரையில் இரண்டு கதவுகள் தெரிந்தன. தாங்கியின் தலை சாய்ந்திருந்தது. மங்கலான பழைய படத்தின்மேல் புதியதைப் பொருத்தப் பார்த்தேன். கதவு பொருந்தினால் மேசை விளிம்பு விலகியது. திருகாணியை இறுக்கும்போதெல்லாம் ஒரு மயிரிழை இறங்கியது. ஒரு மயிரிழையானாலும் ஓடவிடும்போது உலகமே துள்ளும். எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க நேரமில்லை. எங்கள் ஆசிரியை அன்னா வந்து அறையைப் பூட்ட வேண்டும்.

"விடுங்கோ அக்கா. எனக்கு இது ஏலாது. பல்லுத்தான் எனக்கு எழுதியிருக்கு."

"பல்லை இளிக்காதை. இஞ்ச பார். என்ர வீட்டுச் சுவர் வெடிச்சுக் கிடக்கு, ஏன் தெரியுமோ? கீழ முழுக்க நிலக்கரி தோண்டின சுரங்கம். ஒருநாள் அலுமாரிக்குள்ள பீங்கான் எல்லாம் கிலுங்கினது. உவர் கெல்சென்கிர்ச்சன் தபால்காரர்தானே? உவருக்கும் நிலம் ஆடட்டுமன்."

நான் திரையைப் பார்த்தேன். ஒரு துள்ளல் என்றால் அது பிழை. பல துள்ளல்கள், ஒன்றைவிட ஒன்று சிறிதாகி அடங்கினால்?

முதலில் சாய்ந்திருந்தபடியே ஒரு படம். பிறகு தலையை எதிர்ப்பக்கம் அதைவிடக் குறைவாகச் சாய்த்து ஒன்று. திரும்ப இந்தப் பக்கம், இன்னும் குறைவாக. அப்படியே குறைத்துக் குறைத்து, திருகாணி எங்கே உறுதியாக நிற்குமோ அங்கே கொண்டுவந்து நிறுத்தினேன். படத்துக்குப் படம் தபால்காரரின் கைகளை உடம்பிலிருந்து கொஞ்சம் விலக்கினேன், சமநிலை தேடுகிறவர் போல. பொதியை அவர் கையிலிருந்து நழுவவிட்டுக் காலடியில் கிடத்தினேன்.

இனி அவர் அதை எடுக்க வேண்டும். இடுப்பை மடக்கினேன், முதலில் கொஞ்சம், பிறகு கூடுதலாக, தரைக்குக் கிட்ட வரும்போது மறுபடி கொஞ்சம். இடது கையில் பொதியைக் கொடுத்தேன். வலது கை தரையைத் தொட்டு நின்றது. அந்தக் கையை எடுக்க வேண்டும். எடுத்தேன். சொடுக்கு. இன்னும் கொஞ்சம். சொடுக்கு. எங்கே கொண்டுபோகிறேன் என்று நான் யோசிக்கவில்லை. அது முகத்துக்குக் கிட்ட வந்தபோதுதான் கொறற்றி அக்கா விசையில் விரலை வைத்தபடி அழுத்தாமல் நின்றதைக் கண்டேன்.

"என்ன அக்கா?"

"ஒண்டுமில்லை. நிப்பாட்டாதை, பிள்ளை."

கதவடியில் பொதியை வைத்து முடித்தபோது அன்னா அறையைப் பூட்டத் திறப்புகளோடு வந்தார். மூவரும் திரைமுன் குனிந்தோம். ஓடவிட்டேன்.

அவர் நடந்து வந்தார். நிலம் குலுங்கி அடங்கியது. தடுமாறி நின்றார். குனிந்து பொதியை எடுத்தார். பிறகு, நடந்துபோகும் மனிதன் ஒருவனுக்குத் திடீரென்று நினைவு வந்ததுபோல, தரையைத் தொட்ட கையைக் கண்களில் ஒற்றிக்கொண்டார். நிமிர்ந்து தன் வேலைக்குப் போனார்.

ஒவ்வொரு படத்தையும் என் விரல்களால் வைத்தவள் நான். எதிலுமே அந்த மனிதர் இருக்கவில்லை என்று சத்தியம் செய்வேன். ஆனால் திரையில் இருந்தார். அவருக்கு மனம்கூட இருந்தது.

அன்னா கையைத் தடவிக்கொண்டார். மயிர் குத்திட்டிருந்தது.

"இவர் நிலத்திடம் என்ன சொல்கிறார்?" என்று ஜெர்மனில் கேட்டார்.

"மிதிச்சதுக்குப் பொறுக்கச் சொல்லுறார்," என்று கொறற்றி அக்கா தமிழிலேயே சொல்லிவிட்டு, சிரித்துக்கொண்டு ஜெர்மனில் திருப்பிச் சொன்னார்.

அன்னா இன்னொரு முறை ஓடவிடச் சொன்னார். பூட்ட வந்தவர் திறப்புகளை மேசையில் வைத்துவிட்டுக் கதிரையை இழுத்துப்போட்டார்.

நடை இரண்டு இடங்களில் சீராக இல்லை. தோள்பையின் நிழல் ஒருமுறை தாவுகிறது. எல்லாம் எனக்குத் தெரிந்தது. அப்படியே பட்டறைக்கு அனுப்பினேன். அவர்கள் என்னை எடுப்பார்களோ தெரியாது.

வெளியே வந்து அப்பாவுக்கு அழைத்தேன்.

"அப்பா, நாளைக்கு நான் கையெழுத்து வைக்க வரேல்லை."

"என்னடி, விசரோ? அந்த மனுசனுக்கு நான் என்ன மறுமொழி சொல்லுறது?"

"நானே போய்ச் சொல்லுறன், அப்பா. வீட்டை வாறன், முதல் ஒரு பத்து விநாடி பாருங்கோ."

"பாத்தா?"

"பாத்திட்டுப் பேசுங்கோ."

அந்தப் பக்கம் தட்டை மூடிவைக்கும் சத்தம் கேட்டது. பிறகு அப்பா சொன்னார்: "சாப்பாடு ஆறுது. கெதியா வா."